ஏழு என்ற எண்ணுக்குப் பின்னால் ஏழு பேர்

மாதாந்திர விளம்பர அறிக்கையை ஏஜென்சிக்கு அனுப்பி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அங்கிருந்து தொலைபேசி வந்தது. கூட்டலில் ஏதோ பிழை போலும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"சார், கிழக்கு மண்டலத்தில் ஒரு கட்டத்தில் ஏழு என்று இருக்கிறது. ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று அதன்மேல் இரண்டு முறை கிளிக் செய்தேன். புதிதாக ஒரு ஷீட் திறந்துகொண்டது. ஏழு பேருடைய பெயரும் செல்பேசி எண்ணும் அதில் இருக்கின்றன. இதை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

பார்க்கக் கூடாது. நான் அப்போது வேலை செய்த நிறுவனம் மனநல ஆலோசனைக்கு முன்பதிவு வாங்கும் நிறுவனம். அந்த ஷீட்டில் பெயர், எண் ஆகியவற்றுக்கு அடுத்து 'ஆலோசனை எதற்காக' என்று ஒரு பத்தியும் இருந்தது. படிவத்தை நிரப்பியவர்கள் தங்கள் கையாலேயே எழுதிய வரிகள் அவை. 'கணவர் போன பிறகு தூக்கமே இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியை ஓர் ஆலோசகர் படிப்பார் என்று நம்பித்தான் அவர் எழுதினார். விளம்பரச் செலவைக் கணக்கிடும் ஒரு கோப்போடு அது வெளியே போகும் என்று அவர் நினைத்திருக்க முடியாது.

நான் பெயர்களை எங்கும் ஒட்டி அனுப்பவில்லை. அனுப்பியது ஒரு பிவட் டேபிள். அதில் எண்கள் மட்டுமே தெரிந்தன. ஆனால் எக்செலில் பிவட் டேபிள் உருவாக்கும்போது, அது எந்தப் பட்டியலிலிருந்து எண்ணுகிறதோ அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மூலத் தரவு இருந்த ஷீட்டை நீக்கிவிட்டாலும் இந்த நகல் போகாது. ஒரு கட்டத்தை இரண்டு முறை கிளிக் செய்தால் `Show Details` என்ற வசதி இயங்கி, அந்த எண்ணை உண்டாக்கிய வரிசைகளை நகலிலிருந்து எடுத்து முழுமையாக விரித்துவிடும். பெயர், எண், காரணம் என்று மூலத்தில் இருந்த பத்திகள் எல்லாம் வரும். பிவட்டில் பயன்படுத்தாத பத்திகளும் வரும்.

இதைச் சோதிப்பது எளிது. அனுப்பவிருக்கும் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியின் பெயரில் கடைசியில் இருக்கும் `.xlsx` என்பதை `.zip` என்று மாற்றித் திறக்க வேண்டும். உள்ளே `xl/pivotCache` என்ற அடைவு இருந்தால் அதிலுள்ள கோப்புகளைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் எண்ணைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால், அனுப்பவிருந்தது அறிக்கை அல்ல, வாடிக்கையாளர் பட்டியல். பிவட் அமைப்புகளில் `Save source data with file` என்ற தெரிவை எடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. அதை எடுத்தாலும், பிவட்டில் பயன்படுத்திய பத்திகளின் மதிப்புகள் கோப்பில் எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே நான் அந்தத் தெரிவை நம்புவதில்லை. தேவையான கட்டங்களை மட்டும் நகலெடுத்து, புத்தம் புதிய கோப்பு ஒன்றில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி, அந்தக் கோப்பை அனுப்புகிறேன்.

படக்காட்சிக் கோப்புகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. எக்செல் வரைபடத்தைப் பவர்பாயின்டில் ஒட்டும்போது `Embed Workbook` என்ற வகையில் ஒட்டினால் முழு எக்செல் கோப்பும் அந்த வரைபடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது கிளிக் செய்து தரவைத் திருத்தப் போகிறவர் எல்லா ஷீட்டுகளையும் பார்ப்பார். வரைபடத்தைப் படமாக ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணிக்கை எப்போது ஆளாகிறது

அன்று அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்று, அவர் தன்னிடம் இருந்த பிரதியையும் மின்னஞ்சலையும் அழித்ததை உறுதிசெய்துகொண்டு, நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகு, அறிக்கையை மறுபடி தயாரிக்க உட்கார்ந்தேன். வெறும் மதிப்புகளாக ஒட்டியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் அட்டவணையையே ஒரு முறை கவனமாகப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

அந்த மாதம் மொத்தம் 412 முன்பதிவுகள். அறிக்கையின் இன்னொரு ஷீட் அவற்றை 24 பகுதிகளாகவும், 6 வயதுப் பிரிவுகளாகவும், ஆண் பெண் என்றும் பிரித்துக் காட்டியது. 24-ஐ 6-ஆலும் 2-ஆலும் பெருக்கினால் 288 கட்டங்கள். 412 பேரை 288 கட்டங்களில் பிரித்துப்போட்டால் ஒரு கட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரைப் பேர்கூட இல்லை. அந்த ஷீட் முழுக்க ஒன்று, இரண்டு, பூஜ்யம் என்றே நிரம்பியிருந்தது. பெயர் இல்லைதான். ஆனால் 'இந்தப் பகுதி, 55 வயதுக்கு மேற்பட்ட பெண், ஒருவர், இந்த மாதம் மனநல ஆலோசனைக்குப் பதிவு செய்தார்' என்ற தகவல் அதே பகுதியில் குடியிருக்கும் ஏஜென்சி ஊழியர் ஒருவருக்குப் போதும். எதிர்வீட்டு அம்மாள் முகம் அவர் மனதில் வந்துவிடும். அவர் தவறாகவே ஊகித்தாலும், அந்த ஊகத்தின் சுமை அந்த அம்மாள் மீதுதான் விழும்.

லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை வேறொரு வழியில் காட்டியது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்து அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பிருக்கிறது என்பது அவருடைய கணக்கு. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சாதாரணத் தகவல்கள். குறுக்கே வெட்டிக்கொள்ளும்போது ஒரே ஆள் மிஞ்சுகிறார். விளம்பர அறிக்கைகளில் நாம் பெருமையாகச் சேர்க்கும் ஒவ்வொரு பிரிவும், அதாவது பகுதி, வயது, சாதனம், நாள், நேரம் எல்லாம், இப்படிக் குறுக்கே வெட்டும் கோடுகள்தான்.

அதனால் அட்டவணையை வரைவதற்கு முன்பே இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. மொத்த எண்ணிக்கையைக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு கட்டத்துக்கு 30 பேராவது வருகிறார்களா என்று பார்ப்பேன். 24 பகுதிகளை 4 மண்டலங்களாகவும், வயதை 3 பிரிவுகளாகவும் சுருக்கி, பாலினத்தை விட்டுவிட்டால் 12 கட்டங்கள், சராசரி 34. சராசரி நன்றாக இருந்தாலும் சில கட்டங்கள் சிறுத்துப்போகும். அவற்றுக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். நாங்கள் 10 என்று வைத்துக்கொண்டோம். கூகுளின் விளம்பரத் தரவுச் சேவையான ஆட்ஸ் டேட்டா ஹப் பொதுவாக ஒரு வரிசையில் 50 பேராவது இருந்தால்தான் அந்த வரிசையைக் காட்டும். கிளிக்குகளும் கன்வர்ஷன்களும் மட்டும் உள்ள கணக்குகளுக்கு 10 பேர் போதும். பொருள் எவ்வளவு அந்தரங்கமானதோ அந்த அளவுக்கு இந்த எண்ணை உயர்த்துவது நல்லது.

இப்போது கிழக்கு மண்டலத்துக்கே வருவோம். 18 முதல் 34 வயது வரை 41 பேர், 35 முதல் 54 வரை 52, 55-க்கு மேல் 7, மொத்தம் 100. ஏழு, பத்துக்குக் குறைவு. ஆகவே அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு மறைத்தேன். மறைத்த கையோடு பக்கத்திலேயே மொத்தம் 100 என்று விட்டிருந்தேன். நூறிலிருந்து 41-ஐயும் 52-ஐயும் கழிக்க யாருக்கும் கால்குலேட்டர் தேவையில்லை. ஒரு வரிசையில் ஒரே ஒரு கட்டத்தை மறைத்து மொத்தத்தைக் காட்டினால் எதையும் மறைக்கவில்லை என்றே பொருள். ஒன்று, இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். அல்லது இரண்டு பிரிவுகளை ஒன்றாக்க வேண்டும். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். '35-க்கு மேல் 59' என்று போட்டால் மொத்தமும் சரியாக வரும், படிப்பவருக்கும் பொருள் விளங்கும். ஆனால் மற்ற மூன்று மண்டலங்களிலும் வயதைப் பழையபடி மூன்றாகப் பிரித்துவிட்டு, கடைசி வரியில் '55-க்கு மேல் மொத்தம்' என்று கொடுத்தால், பத்தி வழியாகக் கழித்து அதே ஏழைக் கண்டுபிடிக்கலாம். வரிசையாகவும் பத்தியாகவும் இரண்டு பக்கமும் கழித்துப் பார்த்த பிறகுதான் அட்டவணையை விட வேண்டும்.

கழித்தல் அதோடு நிற்பதில்லை. திங்கள்கிழமை அனுப்பிய அறிக்கையில் 'மாதத் தொடக்கத்திலிருந்து 23' என்று இருக்கிறது, செவ்வாய்க்கிழமை அறிக்கையில் 24 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எண்களுமே பத்துக்கு மேல்தான். இரண்டும் கையில் இருப்பவருக்கோ, செவ்வாய்க்கிழமை ஒரே ஒருவர் பதிவு செய்தார் என்பது தெரிந்துவிடும். ஒரு வாடிக்கையாளர் தன் விவரங்களை அழிக்கச் சொன்னதும் பழைய அறிக்கையைப் புதுப்பித்து அனுப்பினாலும் இதே கதைதான்: எந்தக் கட்டத்தில் ஒன்று குறைந்ததோ அந்தக் கட்டத்தில்தான் அவர் இருந்தார். இதற்காக ஆட்ஸ் டேட்டா ஹப் முந்தைய முடிவுகளோடு புதிய முடிவை ஒப்பிட்டு, வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்தால் அந்த வரிசையை நீக்கிவிடுகிறது. கையால் அறிக்கை தயாரிப்பவர்களுக்கு அவ்வளவு நுட்பம் வாய்க்காது. ஒன்றோடொன்று மேற்படியாத முழு வாரங்களாக மட்டும் கணக்குக் கொடுப்பது, அனுப்பிய அறிக்கையைச் சிறு மாற்றங்களுக்காகத் திரும்ப அனுப்பாமல் இருப்பது ஆகிய இரண்டைக் கடைப்பிடித்தாலே பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

எண்ணிக்கை அல்லாத அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 'அதிகபட்சம்', 'குறைந்தபட்சம்' என்பவை எப்போதுமே ஒரு தனி ஆளின் தகவல்கள். எத்தனை பேரைச் சேர்த்தாலும் அவை கூட்டாக மாறுவதில்லை. அறிக்கையில் அவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

டாஷ்போர்டுக்கு முன்பே சுருக்க வேண்டும்

இதையெல்லாம் டாஷ்போர்டு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. திரையில் நான்கு பெரிய எண்கள், ஒரு வரைபடம். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அதன் மேலே தேதி, பகுதி, வயது என்று மூன்று வடிகட்டிகளும் இருக்கும். ஒரு நாள், ஒரு பகுதி, ஒரு வயதுப் பிரிவு என்று தேர்ந்தெடுத்த கணத்தில் அந்தப் பெரிய எண் 1 ஆகிவிடும். டாஷ்போர்டின் அடியில் ஆள் ஆளாகப் பதிவான அட்டவணை இருக்கும்வரை, மேலே எந்த அலங்காரம் செய்தாலும் அதைத் தோண்டி எடுக்க வழி கிடைத்துவிடும். ஆகவே டாஷ்போர்டோடு இணைக்கும் அட்டவணையே ஏற்கெனவே சுருக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எங்கள் தரவுத்தளத்தில் அதற்கு எழுதிய வினவல் இவ்வளவுதான்:

```sql
SELECT week_start, region, age_band,
       COUNT(DISTINCT customer_id) AS bookings
FROM leads
GROUP BY week_start, region, age_band
HAVING COUNT(DISTINCT customer_id) >= 10;
```

கடைசி வரிதான் காவல்காரன். பத்துப் பேருக்குக் குறைவான வரிசைகளை அது வெளியே விடுவதில்லை. விட்டுப்போன வரிசைகளால் கூட்டுத்தொகை உண்மையான மொத்தத்தைவிடக் குறையும். 'எண்கள் பொருந்தவில்லையே' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து மொத்தத்தை வேறோர் இடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போதுதான், ஒரே ஒரு வரிசை விட்டுப்போயிருந்தால் மேலே சொன்ன கழித்தல் மறுபடி வேலை செய்கிறது. குறைவதற்கான காரணத்தை அறிக்கையின் அடியில் ஒரு வரியில் எழுதிவிடுவதே மேல். அடிக்கடி வரிசைகள் விட்டுப்போகின்றன என்றால், பிரிவுகள் இன்னும் பொடியாக இருக்கின்றன என்று அர்த்தம். அப்போது வாரத்தை மாதமாக்கலாம்.

`customer_id` எண்ணுவதற்கு மட்டும் பயன்பட்டு, வெளியே வரும் பத்திகளில் இல்லாமல் போவதைக் கவனியுங்கள். 'பெயருக்குப் பதில் ஓர் எண் போட்டுவிட்டோம், அதை வரிசை வரிசையாகக் கொடுத்தால் என்ன?' என்ற கேள்வி எல்லா அலுவலகங்களிலும் எழும். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஏறத்தாழ ஆறரை லட்சம் பேரின் தேடல் பதிவுகளை, பெயர்களை நீக்கி எண்களாக்கி ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களைக் கோத்துப் பார்த்து, அவற்றைத் தேடிய பெண்மணியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். பெயரை எடுத்தாலும், ஒருவருடைய செயல்கள் ஒரே எண்ணின் கீழ் சேர்ந்திருந்தால் அவரே தெரிந்துவிடுவார்.

ஹாஷ் செய்த எண்களைப் பற்றியும் இதே தவறான நம்பிக்கை இருக்கிறது. விளம்பரத் தளங்களுக்கு வாடிக்கையாளர் பட்டியலைப் பதிவேற்றும்போது மின்னஞ்சலையும் செல்பேசி எண்ணையும் `SHA-256` முறையில் 64 எழுத்துகள் கொண்ட சரமாக மாற்றுகிறார்கள். தளமும் தன்னிடம் உள்ள எண்களை அதே முறையில் மாற்றிப் பொருத்திப் பார்ப்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. அந்தப் பத்தியை அறிக்கையில் ஒட்டிவிட்டு 'குறியாக்கம் செய்தாகிவிட்டது' என்று சொல்வது சரியல்ல. பத்து இலக்க எண்கள் மொத்தமே ஆயிரம் கோடிதான். நல்ல கிராபிக்ஸ் அட்டை ஒன்று வினாடிக்கு நூறு கோடிக்கு மேல் ஹாஷ் போடும். எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை. அதே வாடிக்கையாளரின் எண் இன்னொரு நிறுவனத்திடம் இருந்தால், அவர்கள் போடும் ஹாஷும் எழுத்துப் பிசகாமல் இதேதான்.

கேட்காமலே வந்து சேரும் விவரங்களும் உண்டு. இணையதளத்தில் படிவத்தை நிரப்பி அனுப்பியதும் திறக்கும் நன்றிப் பக்கத்தின் முகவரி சில தளங்களில் `/thanks?name=...&phone=...` என்று அமைந்துவிடுகிறது. படிவம் `GET` முறையில் அனுப்பப்படுவதே பெரும்பாலும் காரணம். `POST` முறைக்கு மாற்றினால் விவரங்கள் முகவரியில் ஏறாது. மாற்றாவிட்டால் 'அதிகம் பார்க்கப்பட்ட பக்கங்கள்' என்ற அறிக்கை பெயர்ப் பட்டியலாகிவிடும். கூகுள் அனலிட்டிக்ஸ் முகவரியில் மின்னஞ்சல் போலத் தெரிவதை நீக்கித் தரும்; செல்பேசி எண் வரும் அளவுருவை நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் நீங்கள்தான் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே பதிவானதை அது தொடாது. பக்க அறிக்கையைத் திறந்து `@` என்றும் `phone=` என்றும் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

யார் கையில் என்ன

அட்டவணை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. கூகுள் ஷீட்ஸில் மூலத் தரவை ஒரு தாளில் வைத்து, அதை மறைத்துவிட்டு, அடுத்த தாளில் சுருக்கத்தைக் காட்டுவது பலரும் செய்யும் தவறு. பார்க்க மட்டும் அனுமதி பெற்றவர் அந்தக் கோப்பைத் தன் கணக்கில் பிரதி எடுத்தால், பிரதிக்கு அவர்தான் உரிமையாளர். மறைத்த தாளை ஒரே கிளிக்கில் திறந்துவிடுவார். சரி, இரண்டு கோப்புகளாகப் பிரித்து `IMPORTRANGE` வழியாக இழுத்துக்கொள்ளலாம் என்றால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இணைப்புக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், அறிக்கைக் கோப்பைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் அதே சூத்திரத்தில் வரம்பை மாற்றி எழுதி, மூலக் கோப்பின் எந்தப் பகுதியையும் இழுத்துக்கொள்ள முடியும். அறிக்கைக் கோப்பில் எங்களைத் தவிர யாருக்கும் திருத்தும் உரிமை இல்லை என்று வைத்த பிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது இடையில் மூன்றாவது கோப்பு ஒன்று இருக்கிறது. அதில் சுருக்கிய அட்டவணை மட்டுமே உண்டு. அறிக்கை அதிலிருந்துதான் இழுக்கிறது.

'இணைப்பு வைத்திருக்கும் எவரும்' என்ற பகிர்வு முறை எனக்குப் பிடிப்பதே இல்லை. அந்த இணைப்பு ஓர் அரட்டைக் குழுவில் விழுந்தால், குழுவில் அடுத்த வருடம் சேர்பவரும் அதைத் திறப்பார். பெயர் குறித்து அனுமதி கொடுப்பதில் உள்ள பெரிய நன்மை, யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒரு பட்டியலைக் காட்ட முடியும் என்பதுதான். ஒப்பந்தம் முடிந்த நாளில் அந்தப் பட்டியலைத் திறந்து பெயர்களை எடுக்க வேண்டும்.

ஏஜென்சிகள் பெயர்ப் பட்டியலைக் கேட்பதற்குப் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். எந்த விளம்பரம் நல்ல முன்பதிவுகளைக் கொண்டுவருகிறது, எது தவறான எண்களையும் விளையாட்டுக்குப் பதிந்தவர்களையும் கொண்டுவருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பெயர் தேவையில்லை. எங்கள் ஆலோசகர்கள் ஒவ்வொரு பதிவின் முடிவையும் எங்கள் மென்பொருளிலேயே குறிக்கிறார்கள்: வந்தார், வரவில்லை, தவறான எண். விளம்பரம் வாரியாக அவற்றைச் சுருக்கி, 'இந்த விளம்பரத்தில் 58 பதிவுகள், அவற்றில் 21 பேர் வந்தார்கள்' என்று ஏஜென்சிக்குக் கொடுத்தோம். மெட்டாவின் படிவ விளம்பரங்களில் வரும் பட்டியலை யார் பதிவிறக்கலாம் என்று கட்டுப்படுத்த `Leads Access Manager` என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஏஜென்சி ஊழியர்களின் பெயர்களை எடுத்துவிட்டோம். விளம்பரத்தை நடத்தும் உரிமை அவர்களிடம் அப்படியே இருந்தது. யார் பதிவு செய்தார்கள் என்ற பட்டியல் எங்களிடம் மட்டும் இருந்தது.

அடுத்த மாத அறிக்கையைப் பார்த்துவிட்டு அதே பெண் அழைத்தார். கிழக்கு மண்டலத்தில் மூத்தோருக்கான விளம்பரத்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு 55-க்கு மேற்பட்டவர்களின் எண்ணிக்கை அட்டவணையில் இல்லையே என்று கேட்டார். நான்கு மண்டலங்களையும் சேர்த்து, மூன்று மாதங்களுக்கு அந்த விளம்பரத்தின் செலவையும் முன்பதிவுகளையும் கணக்கிட்டுக் கொடுத்தேன். மூன்று மாதங்களையும் சேர்த்ததில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. விளம்பரத்தைத் தொடரலாம் என்று அவர் அன்றே முடிவெடுத்துவிட்டார்.